அர்ஜண்ட் ஒண்ணுமில்ல மாப்ள

மூன்றாவது டீயும் வந்துவிட்டது. முத்துவீரன் இன்னும் வாயைத் திறந்தபாடில்லை. டீ குடிக்கத் திறந்ததைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம் அந்தக் கடை. எரிந்துபோன மோட்டார் ஒன்றைத் தரையில் கிடத்தி, அதற்குள்ளிருந்து கருகிய செம்புக் கம்பியை உருவிக்கொண்டிருந்தார் முஜிபுர் ரஹ்மான். மோட்டாருக்குக் கம்பிச்சுருள், அதாவது காயில், கட்டுவதில் கம்பம் பள்ளத்தாக்கில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டத்திலிருந்துகூட மோட்டாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவரிடம்தான் வருவார்கள். கடை முழுக்க வார்னிஷ் நெடி. அந்த நெடியில் ஒன்றரை மணி நேரமாக உட்கார்ந்திருந்ததில் முத்துவீரனுக்குத் தலை வலிக்க ஆரம்பித்திருந்தது.

வந்த காரியம் மிகச் சின்னது. கொடுத்த பணத்தைக் கேட்க வேண்டும்.

கேட்டால் என்ன, கொடுத்தது கொடுத்ததுதானே என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள். அவர்கள் இருவரும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. முப்பத்திரண்டு வருஷமாக ஒருவரை ஒருவர் "மாப்ள" என்று கூப்பிட்டுக்கொள்கிறவர்கள். இதில் யார் யாருக்கு மாப்பிள்ளை என்பது இன்றுவரை முடிவாகவில்லை. பெருநாளைக்கு அங்கிருந்து பிரியாணி வரும், பொங்கலுக்கு இங்கிருந்து கரும்பு போகும். அப்படிப்பட்ட ஆளிடம் போய் "என் காசைக் குடு" என்று எந்த வாயால் கேட்பது?

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசியில், முத்துவீரனின் அய்யா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்த நேரம், முஜிபு வீட்டுக்கு வந்தார். வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மழையைப் பற்றிப் பேசினார், முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைப் பற்றிப் பேசினார். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்ட பிறகுதான், கைமாத்தாக ஒரு முப்பதாயிரம் கிடைக்குமா, தோதுப்பட்டால் போதும், இல்லையென்றால் ஒன்றும் நினைக்க மாட்டேன் என்று வாசல் நிலையைப் பார்த்துச் சொன்னார். அந்த அடக்கத்தில் முத்துவீரன் உருகிப்போனார். சீட்டு எடுத்த பணம் பீரோவில் இருந்தது. எதற்கு, எப்போது தருவாய் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. எண்ணிக்கூடப் பார்க்காமல் கொடுத்தார். முஜிபுவின் கண் கலங்கியதைப் பார்த்து, நட்பு என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

பிறகு மூச்சுப் பேச்சு இல்லை. இரண்டு வருஷம்.

இப்போது மனைவி வேல்விழிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ஐந்து மாதமாக உதிரம் நிற்கவில்லை. உடம்பில் ரத்தம் ஏழு கிராம்தான் இருக்கிறது, இதற்கு மேல் தள்ளிப்போட்டால் பொறுப்பு நானல்ல என்று தேனி டாக்டரம்மா சொல்லிவிட்டார். வரும் வெள்ளிக்கு அடுத்த வெள்ளி ஆபரேஷன். இருபத்தெட்டாயிரம் கட்டச் சொல்லியிருந்தார்கள். பெரியாஸ்பத்திரிக்குப் போகலாமே என்றால், அங்கே மட்டும் வர மாட்டேன் என்று வேல்விழி ஒரே பிடியாக நின்றாள். நகையெல்லாம் மகளின் காலேஜுக்காக அடகில் இருந்தது. மிச்சமிருந்தது ஐந்து வட்டிக்குப் பணம் விடுகிற ஒருவர்தான்.

"நம்ம காசு வெளிய கெடக்கையில வட்டிக்கு வாங்கி நான் பொழைக்கணுமா?" என்று வேல்விழி காலையில் கேட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் கேட்டாள். அந்த நிற்கிற நிலையைப் பார்த்த பிறகு முத்துவீரன் சட்டையை மாட்டினார். பஸ் ஏறிவிட்டார்.

இதில் பெரிய கேலி என்னவென்றால், கடனைக் கேட்பதுதான் முத்துவீரனின் உத்தியோகம். மார்க்கையன்கோட்டைப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் அவர் எழுத்தர். முதல் அறிவிப்பு, இரண்டாம் அறிவிப்பு, இறுதி அறிவிப்பு என்று மூன்று தினுசாக மிரட்டி வருஷத்துக்கு நானூறு கடிதம் எழுதுவார். "தவறும் பட்சத்தில்" என்று அவர் எழுதினால் படிக்கிறவன் மறுநாளே சங்கத்து வாசலில் நிற்பான். அதே ஆள்தான் இங்கே டீ கிளாசை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் வார்த்தையைத் தேடிக்கொண்டேதான் வந்தார். "கடன்" என்று சொல்லவே கூடாது, அது செருப்பால் அடிப்பது மாதிரி. "லோன்" என்றால் பேங்க் ஞாபகம் வரும். "ஹேண்ட் லோன்" என்றால் கொஞ்சம் கௌரவம்தான், ஆனாலும் லோன் லோன்தானே. "பணம்" பச்சையாக இருக்கிறது. "அமவுண்ட்" என்றால் அதே பணம்தான், ஆனால் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. "திருப்பிக் குடு" என்று கேட்பவன் வட்டிக்கு விடும் ஈட்டிக்காரன். "ரிட்டர்ன் பண்ணு" என்பவன் படித்தவன். "அட்ஜஸ்ட் பண்ணு" என்று சொல்லிவிட்டால் கேட்டவனும் கேட்கவில்லை, கொடுத்தவனும் கொடுக்கவில்லை, எல்லாம் தானாக நடந்தது மாதிரி ஆகிவிடும். முன்னால் ஒரு "சாரி" போட வேண்டும். "மன்னிச்சுக்க" என்றால் நிஜமாகவே தப்புச் செய்தவன் ஆகிவிடுவோம், சாரிக்கு அந்த பாரம் கிடையாது. கடைசியில் "ஒண்ணும் நெனச்சுக்காத" என்று மட்டும் தமிழில் சொல்ல வேண்டும். அதை இங்கிலீஷில் சொன்னால் நட்பு போய்விடும்.

இத்தனையும் சேர்த்து நாலு தரம் மனப்பாடம் செய்திருந்தார். எல்லாம் சின்னமனூர் தாண்டும்போது சரியாகத்தான் இருந்தது.

"சாரி மாப்ள," என்று கடைசியில் ஆரம்பித்தே விட்டார். "அந்த அமவுண்ட்டு... கொஞ்சம் டைட்டா இருக்கு. அர்ஜண்ட் ஒண்ணுமில்ல. ஒண்ணும் நெனச்சுக்காத."

முஜிபு கம்பியை உருவுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் நிஜமான குழப்பம்.

"எந்த அமவுண்ட்டு மாப்ள?"

முத்துவீரனுக்குப் பகீரென்றது. இதற்கு அவர் தயாராக வரவில்லை. இல்லை என்று சொல்லலாம், அடுத்த மாதம் என்று சொல்லலாம், கோபப்படலாம். மறந்தே போய்விட்டது என்றால் என்ன செய்வது? முப்பதாயிரத்தை ஒரு மனுஷன் மறப்பானா? இப்போது நினைவுபடுத்தினால் "மறந்துட்டியேடா" என்று குத்திக்காட்டியது ஆகும். அந்தப் பாவம் வேண்டாம் என்று, ஒன்றுமில்லை, சங்கத்தில் ஒரு அமவுண்ட் இடிக்கிறது, அதையே நினைத்துக்கொண்டிருந்தேன் என்று மழுப்பிவிட்டு எழுந்தார். மூன்று டீக்கும் காசை முஜிபுதான் கொடுத்தார்.

வீட்டில் வேல்விழி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே தெரிந்துவிட்டது. "நேர்ல பேச வராட்டி போன்ல அனுப்புங்க," என்றாள்.

அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. எஸ்.எம்.எஸ்ஸில் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. தவிர, அவருடைய போனில் தமிழ் எழுத்து வராது. இங்கிலீஷில்தான் அடிக்க வேண்டும் என்பது ஒரு வகையில் நல்லதாகவே போயிற்று. இங்கிலீஷ் யாருடைய தாய்மொழியும் இல்லை, அதனால் அதில் சொல்வது யாருக்கும் வலிக்காது என்று முத்துவீரன் நம்பினார்.

ஆனால் அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதும் ஆபீஸ் இங்கிலீஷ். ஒரு மணி நேரம் கட்டை விரலால் குத்திக் குத்தி எழுதி முடித்தபோது அது இப்படி இருந்தது: டியர் பிரெண்ட், வித் ரெஃபரன்ஸ் டு தி அமவுண்ட், வைஃப் இஸ் நாட் வெல். நோ அர்ஜன்ஸி. கைண்ட்லி டூ தி நீட்ஃபுல். சாரி ஃபார் தி டிஸ்டர்பன்ஸ். யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி, முத்துவீரன்.

முப்பதாயிரம் என்று ஓரிடத்திலும் போடவில்லை. போட்டால் கணக்குக் கேட்பது மாதிரி இருக்கும் அல்லவா?

முஜிபுவுக்கு மோட்டார் ரேட்டிங் தகட்டில் உள்ள இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும் என்பதை முத்துவீரன் மறந்துவிட்டார். அந்த எஸ்.எம்.எஸ்ஸை வாசித்தது பிளஸ் டூ படிக்கும் அவர் மகள் சானியா. வாசித்துவிட்டு, "வீரன் மாமா வீட்டுல அத்தைக்கு மேலுக்கு முடியலையாம் அத்தா, ஏதோ பணம் தேவைப்படுதாம், ஆனதப் பாருங்கன்னு எழுதியிருக்காக," என்று அருமையாகத் தமிழ்ப்படுத்தினாள். அந்தப் பெண்மேல் குற்றமே இல்லை. யார் படித்தாலும் அப்படித்தான் படிப்பார்கள்.

பதிலாக வந்தது ஒரே வார்த்தை. ஓகே.

அந்த ஓகேயை வைத்துக்கொண்டு முத்துவீரன் ஒரு பகல் முழுவதும் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. சரி, தருகிறேன் என்கிற ஓகேயா? தெரியும், சும்மா இரு என்கிற ஓகேயா? கோபத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்த ஓகேயா? சங்கத்தில் பக்கத்து மேசைக்காரரிடம் போனைக் காட்டி அபிப்பிராயம் கேட்டார். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஓகே என்றுதான் போட்டிருக்கிறது என்றார்.

மறுநாள் சாயங்காலமே முஜிபு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். நேரே வேல்விழி படுத்திருந்த அறை வாசலில் நின்று, என்னம்மா இப்படி இளைத்துப் போனாய், இவன் ஒரு வார்த்தை சொன்னானா பார் என்று கடிந்துகொண்டார். பிறகு முத்துவீரனைத் தனியே கூப்பிட்டு, சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த நோட்டுகளை எடுத்து அவர் கையில் திணித்தார். இரண்டாயிரம்.

"இப்ப என்கிட்ட இதான் மாப்ள இருக்கு. தொழில் படுத்துருச்சு. வச்சுக்க."

முத்துவீரனுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. மறக்கவில்லை, மனுஷன் மறக்கவில்லை, தவணையாகவாவது ஆரம்பித்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டிய இருபத்தெட்டில் இரண்டு போனால் இருபத்தாறு என்று மனசு பாட்டுக்குக் கணக்குப் போட்டது. இந்த நேரத்தில் பெருந்தன்மையாக ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் தான் என்ன சிநேகிதன்?

"மிச்சத்தை மெதுவாக் குடு மாப்ள," என்றார். "பேலன்ஸ் இருபத்தெட்டுதான? அர்ஜண்ட் ஒண்ணுமில்ல."

முஜிபு அப்படியே நின்றார்.

"மிச்சமா?" என்றார்.

"அதான், அன்னைக்கு ஐப்பசியில வாங்கினியே. முப்பது."

இப்போது அவர் முகம் போன போக்கைப் பார்த்து முத்துவீரனுக்கே பயம் வந்துவிட்டது. முதலில் சிரிக்கப் போவது மாதிரி இருந்தது. பிறகு ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த முத்துவீரனின் அய்யா படத்தைப் பார்த்தார், முத்துவீரனைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். எடுத்த வாயை மூடிக்கொண்டார். வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போய் வண்டியை உதைத்தார். அது நாலாவது உதைக்குத்தான் கிளம்பியது.

"என்ன சொன்னீக அவுககிட்ட?" என்று உள்ளேயிருந்து வேல்விழி கேட்டாள்.

நல்லதைத்தான் சொன்னேன் என்றார் முத்துவீரன். அதில் அவருக்கு இன்னும் சந்தேகமில்லை. ஆனாலும் அந்த முகம் கண்ணிலேயே நின்றது. பேலன்ஸ் என்று சொல்லியிருக்கக் கூடாதோ? தொகையைச் சொல்லியிருக்கக் கூடாதோ? நண்பனைப் புண்படுத்திவிட்டோம், எழுதித்தான் ஆற்ற வேண்டும் என்று முடிவுக்கு வந்தார். இந்தத் தரம் தமிழில், கைப்பட, மனசார.

திங்கட்கிழமை சங்கத்தில் மத்தியானம் ஆள் ஓய்ந்த நேரத்தில் உட்கார்ந்தார். பேனாவைத் தொட்டதுமே கை பழக்கதோஷத்தில் "தாங்கள் பெற்றுள்ள கடன் தொகை" என்று எழுதிவிட்டது. கிழித்துப் போட்டார். இரண்டாம் முறை "அன்புள்ள மாப்ள" என்று ஒழுங்காக ஆரம்பித்து, மூன்றாவது வரியில் "மேற்படி" என்று வந்துவிட்டது. அதையும் கிழித்தார். நாலாவது கடிதம்தான் உருப்படியாக வந்தது. பழைய நாளெல்லாம் நினைவுபடுத்தி, நீ கொடுத்தாலும் சரி கொடுக்காவிட்டாலும் சரி உன் மேல் எனக்கு வருத்தம் கிடையாது, இருபத்தெட்டாயிரம் பெரிதா நம் ஃபிரண்ட்ஷிப் பெரிதா, ஆபரேஷன் அடுத்த வெள்ளிக்கிழமை என்பது உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன், ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே, சாரி என்று முடித்திருந்தார். படித்துப் பார்த்து அவருக்கே கண்ணில் நீர் தளும்பியது. கையில் கிடைத்த கவரில் போட்டு, ஒட்டி, விலாசம் எழுதினார். வீட்டுக்குப் போகிற வழியில் தபால்பெட்டியில் போட்டுவிடலாம் என்று மேசை ஓரத்தில் வைத்தார். அதற்குள் தலைவர் கூப்பிட்டார் என்று உள்ளே போனார்.

அந்த மேசை ஓரம்தான் நோட்டீஸ் தட்டு. அங்கே இருக்கிற கவர் எதுவானாலும் தினம் மூன்று மணிக்கு எடுத்துப் போய், வெளிப்பக்கம் சங்கத்து முத்திரையையும் "கடன் வசூல் - அவசரம்" என்ற சிவப்பு முத்திரையையும் குத்தி, ஒப்புகை அட்டை இணைத்து, பதிவுத் தபாலில் சேர்ப்பது அக்கம்மாளின் வேலை. பதினொரு வருஷமாக ஒரு நாள் தவறாமல் செய்கிற வேலை. அன்றைக்கும் தவறவில்லை.

முத்துவீரன் வெளியே வந்து கவரைக் காணாமல் தேடினார். மேசைக்கு அடியில் பார்த்தார். வீட்டிலேயே விட்டுவிட்டோமோ என்றுகூட நினைத்தார். வியாழக்கிழமை தபாலில் வந்த ஒப்புகை அட்டைகளைப் பிரித்து அடுக்கும்போதுதான் விஷயம் விளங்கியது. மூன்றாவது அட்டையில், மோட்டார்க் கறை படிந்த பெருவிரல் அடையாளத்துக்குப் பக்கத்தில், இங்கிலீஷில் நடுங்கி நடுங்கிப் போட்ட கையெழுத்து: எம். முஜிபுர் ரஹ்மான்.

அவருக்கு உட்கார்ந்த இடத்திலேயே வியர்த்துவிட்டது. தபால்காரர் கடை முன்னால் நின்று, பாய், கடன் நோட்டீஸ் வந்திருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள் என்று மோட்டார் கொண்டுவந்த நாலு சம்சாரி பார்க்கச் சத்தமாகச் சொல்லியிருப்பார். சிவப்பு முத்திரை. அந்த முத்திரையைப் பார்த்துத் தூக்கு மாட்டிக்கொள்ளப் போனவர்கள் உண்டு என்பது முத்துவீரனுக்குத் தெரியும். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினார்.

கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனார். முஜிபு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மடியில் பிரித்த கடிதம். முத்துவீரன் மூச்சு வாங்கிக்கொண்டே அக்கம்மாளைப் பற்றியும் தட்டைப் பற்றியும் முத்திரையைப் பற்றியும் சொன்னார். தமிழில் ஆரம்பித்தவர் பாதியில் ஆபீஸ் மிஸ்டேக், டிஸ்பாட்ச் மிஸ்டேக், வெரி வெரி சாரி என்று இங்கிலீஷில் புகுந்து வெளியே வரத் தெரியாமல் நின்றார்.

முஜிபு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"பரவால்லங்க," என்றார். "உக்காருங்க."

முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக "ங்க" போட்டார். அதற்கு அவர் நாலு அறை அறைந்திருக்கலாம். முத்துவீரன் உட்காரவில்லை. நிற்கவும் முடியவில்லை. அன்றைக்கு டீ வரவில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் முஜிபு முத்துவீரன் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. ஒரு மஞ்சள் பையை நீட்டினார். முழுசாக முப்பதாயிரம் இருந்தது.

"ரெண்டாயிரம் ஏற்கெனவே குடுத்தியே மாப்ள," என்று முத்துவீரன் இழுத்தார். நோட்டைப் பார்த்த கை அதற்குள் பையை வாங்கிக்கொண்டுவிட்டது.

"அது தங்கச்சிக்குக் குடுத்தது," என்றார் முஜிபு. கொஞ்ச நேரம் நின்றார். அவர் நின்ற விதத்தைப் பார்த்தால் இன்னும் ஏதோ சொல்ல வந்தவர் மாதிரித்தான் இருந்தது. சொல்லாமல், "சாரி. லேட்டாயிருச்சு. எக்ஸ்கியூஸ் பண்ணிக்கங்க," என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார்.

நடந்துதான் போனார். மோட்டார் சைக்கிளையும், காயில் சுற்றும் மெஷினையும் கம்பத்து ஆள் ஒருவருக்கு வந்த விலைக்குக் கொடுத்துவிட்டார் என்று மத்தியானம் காய்கறிக் கடையில் பேசிக்கொண்டார்கள். மெஷின் இல்லாமல் அவர் எப்படிக் காயில் கட்டுவார் என்று முத்துவீரன் யோசிக்க ஆரம்பித்தார். பிறகு, வேல்விழியின் முகத்தைப் பார்த்தார். அவள் உதடு வெளுத்துப்போய்க் கிடந்தது. யோசிப்பதை நிறுத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நடந்தது. மூன்று மணி நேரம் என்றவர்கள் ஐந்து மணி நேரம் ஆக்கினார்கள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டரம்மா சொன்னபோது முத்துவீரன் வராந்தாவில் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அந்தப் பணம் அன்றைக்கு வந்திராவிட்டால் என்ற நினைப்பு வந்தது. கேட்டது தப்பே இல்லை, கேட்ட முறைதான் கோணலாகிவிட்டது என்று தனக்குத்தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் முஜிபுவின் மனைவி கைருன்னிசா வந்தார். உத்தமபாளையத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, தூக்குவாளியில் கோழி ரசமும் குழைந்த சோறும் கொண்டுவந்திருந்தார். வேல்விழியின் தலையைத் தடவிக் கொடுத்தார், இரண்டு வாய் ஊட்டிவிட்டார், அவள் தூங்கிய பிறகு தூக்குவாளியைக் கழுவ வராந்தாக் குழாய்க்கு வந்தார். காதில் தோடு இல்லை. இரண்டு காதிலும் வேப்பங்குச்சி இருந்தது.

முத்துவீரன் அதைக் கவனித்தும் கவனிக்காதவர் போல, முஜிபு ஏன் வரவில்லை என்று விசாரித்தார். இப்போது தேவாரம் ஊரில் ஒரு மோட்டார் கடையில் தினக்கூலிக்குப் போகிறார், லீவு கிடையாது என்றார் கைருன்னிசா. என் மேல் இன்னும் கோபமா என்று கேட்டார் முத்துவீரன்.

"கோவமெல்லாம் இல்லண்ணே. ஒங்க மொகத்துல முழிக்க அவுகளுக்குக் கூச்சமா இருக்கு."

கூச்சப்பட இதில் என்ன இருக்கிறது என்று முத்துவீரன் ஆறுதல் சொல்ல ஆரம்பித்தார். தோளிலிருந்த துண்டைச் சரிசெய்துகொண்டு, கடன் வாங்காத மனுஷன் உலகத்தில் உண்டா, வாங்கினான், கொஞ்சம் தாமதமானது, கொடுத்துவிட்டான், அதோடு முடிந்தது என்றார். அவனிடம் சொல்லும்மா, இந்த வீரன் எதையும் மனசில் வைத்துக்கொள்கிற ஆளில்லை, நாளைக்கே இன்னொரு கஷ்டம் என்றாலும் தயங்காமல் என்னிடம் வந்து கேட்கச் சொல், முன்னே மாதிரி எண்ணிக்கூடப் பார்க்காமல் கொடுப்பேன் என்றும் சொன்னார். தன் நல்ல குணத்தை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

கைருன்னிசா குழாயை மூடினார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவுக சத்தியம் வாங்கியிருக்கிறார்கள் என்று ஆரம்பித்து, அவர் முகத்தைப் பாராமல் மெதுவாகச் சொன்னார்:

"ஒங்க அய்யா சாகுறதுக்கு முந்தி, தோட்டத்துக் கெணத்துல எறக்குன மோட்டாருக்கு எங்ககிட்டக் கடன் வச்சுட்டுப் போன முப்பதாயிரத்த, மகன்கிட்டப் போயி செத்த மனுசன் கடன்னு கேக்க மனசு வராமத்தாண்ணே அன்னைக்கு அவுக கைமாத்துன்னு சொல்லி வாங்கினாக."